சீனி ஏறிய பிறகும் அந்த ஊசி ஏன் வேண்டும்?

கேள்வி: "என் மகளுக்கு 4 வயது, 15 கிலோ. பிறந்ததில் இருந்து சிஏஎச், அட்ரினல் சுரப்பி கோர்டிசோல் என்ற ஹோர்மோனைப் போதியளவு செய்யாத வருத்தம். ஹைட்ரோகோர்டிசோன் குளிசை மூன்று வேளை கொடுக்கிறோம். போன மாதம் காய்ச்சலோடு இருந்தபோது விடியப்புறம் சீனி இறங்கி மயங்கிவிட்டாள். இப்போது கிளினிக்கில் ஹைட்ரோகோர்டிசோன் ஊசி மருந்தை வீட்டில் வைத்திருக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒரு தரம் காட்டினார்கள், பயத்தில் பாதி மறந்துவிட்டது. சீனித்தண்ணி கொடுத்து சீனி ஏறிவிட்டால் ஊசி தேவையில்லைத்தானே? பிழையாகப் போட்டுவிட்டால் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா? வெள்ளவத்தையில் இருந்து ஒரு தாய்."

தேவை. காய்ச்சலோ சத்தியோ இருக்கும் நாளில் சீனி இறங்கினால், சீனித்தண்ணி கொடுத்து அது ஏறினாலும் ஊசியைப் போட்டுவிட்டே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பயம்தான் கையைக் கட்டிப்போடுகிறது: தேவையில்லாத நேரத்தில் ஒரு தரம் போட்டுவிட்டாலும் பிள்ளைக்குக் கெடுதல் வராது. இந்த மருந்தும் ஒரு ஸ்டெராய்ட்தான், ஆனால் ஸ்டெராய்டின் பக்கவிளைவுகள் என்று நாம் கேள்விப்படுவதெல்லாம், முகம் ஊதுவது, வளர்த்தி குறைவது, மாதக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பதால் வருபவை. ஒற்றை ஊசியால் வருபவை அல்ல. போட வேண்டிய நேரத்தில் போடாமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நான் கொழும்பில் சிறுவர் வாட்டிலும் ஹோர்மோன் கிளினிக்கிலும் பத்தொன்பது வருடமாகத் தாதியாக இருக்கிறேன். இந்த ஊசியைப் பெற்றோருக்குப் பழக்குவது என் வேலைகளில் ஒன்று. மருந்தின் அளவைத் தீர்மானிப்பது என் வேலை அல்ல, அது உங்கள் பிள்ளையின் டொக்டரின் கையில். கீழே வரும் எண்கள் எதுவும் டொக்டர் உங்களுக்குத் தந்த கடிதத்தில் எழுதியிருப்பதோடு முரண்பட்டால், கடிதத்தில் உள்ளதையே செய்யுங்கள்.

சீனி ஏன் விடியப்புறத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் நம் இரத்தத்தில் சீனி குறையாமல் பார்ப்பது ஈரல். முதலில் அது சேமித்து வைத்த சீனியைக் கரைத்து விடும், அது முடிய வரும்போது வேறு பொருட்களில் இருந்து புதுச் சீனி செய்யும். புதுச் சீனி செய்ய வைப்பதில் கோர்டிசோலுக்குப் பெரிய பங்கு. உங்கள் மகளின் அட்ரினல் சுரப்பி அதைச் செய்யாது, குளிசைதான் அவளுடைய கோர்டிசோல். ஆனால் ஹைட்ரோகோர்டிசோன் உடம்பில் நீண்ட நேரம் நிற்காது. ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பாதியாகக் குறையும். இரவு 8 மணிக்குக் கொடுத்த குளிசையில் விடியப்புறம் 3 மணிக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். சின்னப் பிள்ளையின் ஈரலில் சேமிப்பும் குறைவு, அந்தச் சேமிப்பைத் தின்னும் மூளையோ உடம்போடு பார்க்கப் பெரியது. நல்ல சுகமாக இருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிள்ளை காலைக் குளிசை வரை தாக்குப்பிடிக்கும். காய்ச்சலில் இரண்டு வாய் சோறோடு படுத்த பிள்ளைக்கு அது கஷ்டம்.

சிஏஎச் பிள்ளைகளில் இன்னொரு விஷயமும் உண்டு. சீனி இறங்கும்போது கை நடுங்கி, நெஞ்சு படபடத்து நமக்கு அறிவிப்பது அட்ரினலின். அட்ரினல் சுரப்பியின் உட்பகுதிதான் அதைச் சுரக்கிறது, அந்தப் பகுதி சரியாக வளர்வதற்கே கோர்டிசோல் வேண்டும். அதனால் இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு நடுக்கமும் படபடப்பும் மங்கலாகத்தான் வரும். பிள்ளை அமைதியாக நித்திரை கொள்வதாகவே தெரியும். காய்ச்சல் நாளில் "பாவம், களைத்துப்போய் நித்திரை, எழுப்பாதே" என்று அம்மம்மா சொல்வார். அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காதீர்கள். வருத்தமான இரவில் பிள்ளையை எழுப்பிப் பார்க்க வேண்டும், எழுப்பினால் கண்ணைத் திறந்து உங்களைத் திட்டவாவது வேண்டும்.

இனி, சீனித்தண்ணியும் ஊசியும் ஏன் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை என்பதற்கு வருகிறேன். சீனித்தண்ணி பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை செய்யும், ஆனால் கொடுத்த அளவு எரிந்து முடிந்ததும் அதன் கதை முடிந்தது. ஈரல் அப்போதும் வேலைநிறுத்தத்தில்தான் இருக்கும். ஊசி நேர்மாறு. மருந்து இரத்தத்தில் ஏற அரை மணித்தியாலம் அளவில் ஆகும், சீனியை உயர்த்தும் வேலை அதற்கும் பிறகுதான் தொடங்கும், ஆனால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நிற்கும். அதோடு இரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான், சீனித்தண்ணிக்கு அது முடியாது. அட்ரினல் நெருக்கடியில் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் சீனியும் அழுத்தமும் சேர்ந்து விழுவது. குளுக்கோமீட்டர் அதில் பாதியைத்தான் காட்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்களிடம் வந்த ஒரு மகனின் இரவைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். 5 வயது, 17 கிலோ, அவனுக்கும் சிஏஎச். பின்னேரம் காய்ச்சல் 38.6. வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி குளிசையைக் கூட்டினார்கள், அது சரி. இரவு 8 மணிக்குக் குளிசை, இரண்டு கரண்டி கஞ்சி. பத்தரைக்குப் படுக்கையிலேயே சத்தி. தாய் எழுந்து மறுபடி ஒரு குளிசை கொடுத்தார், அதுவும் சரி. பதினொரு மணிக்கு அதையும் சத்தி எடுத்துவிட்டான். அந்த இடத்தில்தான் ஊசி போட்டிருக்க வேண்டும். மறுபடி கொடுத்த குளிசையும் வயிற்றில் தங்கவில்லை என்றால் விடியும்வரை பிள்ளையைத் தாங்கக் கோர்டிசோல் இல்லை என்று அர்த்தம், சீனி அப்போது எத்தனை இருந்தாலும் சரி. அவர்கள் அளந்து பார்த்தார்கள், 96. "சீனி நல்லாத்தானே இருக்கு" என்று படுக்க வைத்துவிட்டார்கள்.

விடியப்புறம் 4.40க்குத் தாய் தொட்டுப் பார்த்தபோது சட்டை நனைந்திருந்தது, நெற்றி குளிர்ந்திருந்தது. சீனி 41. தட்டி எழுப்பினால் முனகினான், விழுங்கினான். அரைக் கப் சீனித்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார்கள். கால் மணித்தியாலத்தில் 118. தகப்பன் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "மிஸ், அந்த நூற்றுப் பதினெட்டைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி. ஏழு மணிக்கு வெளிக்கிடுவம் எண்டு நினைச்சன்." ஆறேகாலுக்குப் பார்த்தபோது 46, இந்தத் தரம் எழும்பவில்லை. அப்போதுதான் லாச்சியைத் திறந்து ஊசி மருந்தைத் தேடினார்கள்.

அந்த 118 உண்மையாகவே 118தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம். இருட்டில், சீனித்தண்ணி சிந்திய கையோடு, பிள்ளையின் பிசுபிசுத்த விரலில் குத்தியிருக்கிறார்கள். விரலில் ஒரு சொட்டு சீனித்தண்ணி காய்ந்திருந்தாலே குளுக்கோமீட்டர் பொய் சொல்லும், எப்போதும் கூட்டித்தான் சொல்லும். சீனி கொடுத்த பிறகு அளப்பதென்றால் விரலைத் தண்ணியில் கழுவி, துடைத்து, காயவிட்டுக் குத்துங்கள். கழுவ வழியில்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியில் அளவுங்கள். இன்னொன்று: உங்கள் மீட்டரில் 2.3, 5.1 என்று தசமத்தோடு எண் வந்தால் அது வேறு அலகு, 18ஆல் பெருக்கிப் பாருங்கள். 2.3 என்பது 41.

இனிக் கை வேலை. உங்களுக்குத் தந்திருப்பது பெரும்பாலும் இறப்பர் மூடி போட்ட சின்னப் போத்தலில் வெள்ளைத் தூள், 100 மில்லிகிராம். பெயர் ஹைட்ரோகோர்டிசோன் சோடியம் சக்சினேட். பாமசியில் மறுபடி வாங்கும்போது 'சக்சினேட்' என்ற சொல்லைப் பார்த்து வாங்குங்கள். ஹைட்ரோகோர்டிசோன் அசிட்டேட் என்றொரு மருந்து உண்டு, அது மூட்டுக்குள் போடுவது, மெதுவாகக் கரைவது, இதற்கு உதவாது. தூளோடு ஊசிக்கான தண்ணீர் அம்பியூல் ஒன்று, 2 அல்லது 3 மில்லிலீற்றர் சிரிஞ்ச், மருந்து இழுக்கப் பச்சை ஊசி, பிள்ளைக்குக் குத்த நீல ஊசி, ஸ்பிரிட் பஞ்சு. எல்லாம் இரண்டு செட், ஒரே பெட்டியில். ஊசிக்கான தண்ணீர் கிடைக்காவிட்டால் சேலைன் அம்பியூலும் சரி.

கையைக் கழுவுங்கள். தூள் போத்தலின் பிளாஸ்டிக் மூடியைத் தட்டி எடுத்துவிட்டு இறப்பரை ஸ்பிரிட்டால் துடையுங்கள். பச்சை ஊசியால் தண்ணீரை 2 மில்லிலீற்றர் கோடு வரை இழுத்து, இறப்பரின் நடுவில் குத்தித் தூளுக்குள் விடுங்கள். ஊசியை எடுக்காமலே போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டுங்கள். பாணி மருந்தைக் குலுக்குவதுபோல் குலுக்கினால் நுரைக்கும், பிறகு நுரை அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். தூள் தெரியாமல் தெளிந்த பிறகு போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, ஊசி நுனி மருந்துக்குள் இருக்கும்படி வைத்து, முழுவதையும் இழுங்கள். பிறகு உங்கள் அளவு மட்டும் மிஞ்சும்வரை தள்ளிவிடுங்கள். நீல ஊசியை மாற்றிப் போட்டு, காற்றை வெளியேற்றுங்கள். சின்னக் குமிழ் ஒன்று மிஞ்சியிருந்தால் அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம், சதையில் போடும் ஊசியில் அது ஆபத்தில்லை.

கணக்கு இதுதான்: 100 மில்லிகிராம் தூள் 2 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைந்திருக்கிறது. ஆகவே 50 மில்லிகிராம் என்றால் 1 மில்லிலீற்றர், 25 மில்லிகிராம் என்றால் அரை மில்லிலீற்றர். எங்கள் பேச்சில் ஒரு பொறி இருக்கிறது. மில்லிகிராமையும் 'மில்லி' என்கிறோம், மில்லிலீற்றரையும் 'மில்லி' என்கிறோம். "அம்பது மில்லி போடச் சொன்னவை" என்று ஒரு தாய் போனில் அலறியபோது, ஐம்பது மில்லிலீற்றர் சிரிஞ்ச் எங்கே கிடைக்கும் என்று அந்த வீட்டில் தேடிக்கொண்டிருந்தார்கள். அதனால் என் பெற்றோர் யாரையும் 'மில்லி' என்று மொட்டையாகச் சொல்ல விடுவதில்லை. பெட்டி மூடியின் உட்பக்கத்தில் சிரிஞ்ச் ஒன்றைப் படமாக வரைந்து, எந்தக் கோடு வரை என்று சிவப்புப் பேனாவால் கோடு போட்டு ஒட்டுவோம். அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க யாருக்கும் மூளை வேலை செய்யாது, கோட்டைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

அந்த மகனின் வீட்டில் நடந்த பிழையும் கணக்கில்தான். அவர்களிடம் இருந்த தண்ணீர் அம்பியூல் பெரியது. தகப்பன் பதற்றத்தில் சிரிஞ்ச் கொள்ளும் மட்டும் இழுத்து இழுத்து, ஏறக்குறைய 5 மில்லிலீற்றரைத் தூளுக்குள் விட்டிருக்கிறார். அதில் 1 மில்லிலீற்றர் எடுத்தால் வருவது 20 மில்லிகிராம்தான், 50 இல்லை. போத்தல் வழக்கத்தை விட நிறைந்து தெரிந்தால் இது நடந்திருக்கிறது என்று பிடித்துக்கொள்ளலாம். அப்படி ஆகிவிட்டால் இரண்டாவது செட்டைத் திறந்து சரியாகக் கரைத்துப் போடுங்கள். அந்த 20 மில்லிகிராம் வீணும் இல்லை, ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

போடும் இடம் தொடையின் வெளிப்பக்கம். இடுப்பு எலும்பில் இருந்து முழங்கால் வரை மூன்றாகப் பிரித்து நடுப் பகுதியை எடுங்கள், அதில் முன்பக்கமும் இல்லாமல் பின்பக்கமும் இல்லாமல், காற்சட்டைத் தையல் ஓடும் கோடு. ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள மற்றவர் போடுவது நல்லது. தனியாக இருந்தால் பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வைத்து உங்கள் முழங்கையால் முழங்காலை அமத்திக்கொள்ளலாம். ஊசியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து நேர்க்குத்தாக, ஒரே வீச்சில் உள்ளே விடுங்கள். தயங்கித் தயங்கிக் குத்தினால்தான் நோகும். மருந்தைத் தள்ளி, எடுத்து, பஞ்சால் அமத்துங்கள். உடுப்பைக் கழற்ற முடியாவிட்டால் மெல்லிய துணிக்கு மேலாலும் போடலாம். இன்சுலின் சிரிஞ்சை இதற்குப் பாவிக்காதீர்கள். அதன் ஊசி கட்டை, கோடுகளும் வேறு கணக்கு.

'எலும்பில் பட்டுவிடுமா, நரம்பில் குத்திவிடுமா' என்று எல்லாரும் கேட்பார்கள். தொடையின் வெளிப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததே அங்கே பெரிய நரம்போ இரத்தக் குழாயோ இல்லை என்பதால்தான். பிட்டத்தில் போடாதீர்கள், அங்கே நரம்பு இருக்கிறது. கொஞ்சம் இரத்தம் வந்தால் அது தோலில் உள்ள சின்னக் குழாய், அமத்தினால் நிற்கும். ஊசி சதை வரை போகாமல் கொழுப்பிலேயே நின்றுவிட்டாலும் மருந்து உள்ளே போகும். பெரியவர்களில் தோலுக்கடியில் போட்டுப் பார்த்த ஆய்வில், சற்றுப் பிந்தினாலும் போதிய அளவு இரத்தத்தில் ஏறியது. பிள்ளைகளுக்கு, அதுவும் குளிர்ந்துபோய்க் கிடக்கும் பிள்ளைக்கு, அது அதே வேகத்தில் ஏறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதனால் குறி சதைதான்.

சீனியா ஊசியா எதை முதலில் என்று குழம்பாதீர்கள். பிள்ளை விழித்திருந்து விழுங்குகிறாள் என்றால் ஒருவர் சீனி கொடுக்கட்டும், மற்றவர் அதே நேரம் மருந்தைக் கரைக்கட்டும். இரண்டு தேக்கரண்டி சீனியைக் கொஞ்சத் தண்ணியில் கரைத்தாலே 15 கிலோ பிள்ளைக்கு முதல் தரத்துக்குப் போதும். பாலும் சொக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும், அவை பிறகு. பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளவுங்கள். விழுங்கவில்லை, அல்லது வலிப்பு வந்திருக்கிறது என்றால் வாயில் எந்தத் தண்ணியும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து, ஊசியைப் போட்டு, 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் வரும்வரை செய்யக்கூடிய ஒன்று உண்டு: வலிப்பு நின்றிருந்தால், ஒரு தேக்கரண்டி சீனியை இரண்டு சொட்டுத் தண்ணியில் நனைத்துப் பசைபோல் ஆக்கி, நாக்குக்கு அடியில் அல்லது கன்னத்தின் உட்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற வழியில்லாத இடங்களில் நாக்கின் கீழ் வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அது எவ்வளவு தூரம் ஏற்றும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும், அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த எண்ணில் ஊசி என்று கேட்டால், அங்கேதான் கிளினிக்குக்குக் கிளினிக் பேச்சு மாறும். பலர் 70ஐ எச்சரிக்கைக் கோடாகவும் 54ஐத் தாமதிக்கவே கூடாத கோடாகவும் வைக்கிறார்கள். நான் பெற்றோருக்கு எண்ணை விட நிலைமையைத்தான் படிப்பிக்கிறேன். இரண்டாம் தரம் சத்தி, எழுப்ப முடியாத நித்திரை, வலிப்பு, கை கால் முறிவு போன்ற பெரிய அடி: இதில் எது என்றாலும் மீட்டரைத் தேட முதல் ஊசி. வருத்த நாளில் 70க்குக் கீழே போனாலும் ஊசி. சுகமாக இருக்கும் பிள்ளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிந்தி எழும்பி, 65 என்று காட்டி, ஆனால் விளையாடிக்கொண்டு தேத்தண்ணி கேட்கிறாள் என்றால் அது வேறு கதை. சீனி கொடுத்து, காலைக் குளிசையையும் உடனே கொடுத்து, சாப்பிட வைத்து, அரை மணித்தியாலம் பாருங்கள். ஆனால் அப்படி இரண்டு மூன்று தரம் நடந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். குளிசைகளுக்கு இடையிலான இடைவெளி நீளமாக இருக்கலாம், அளவு அவளுடைய வளர்த்திக்குக் காணாமல் போயிருக்கலாம். நீங்களாக இரவுக் குளிசையைக் கூட்டாதீர்கள்.

ஊசியின் அளவிலும் இணையத்தில் இரண்டு அட்டவணை காண்பீர்கள். ஒன்று ஒரு வயதுக்குக் கீழே 25, ஒன்றில் இருந்து ஐந்து வரை 50, ஆறில் இருந்து 100 மில்லிகிராம் என்னும். மற்றது மூன்று வயது வரை 25, பன்னிரண்டு வரை 50, அதற்கு மேல் 100 என்னும். இரண்டுமே பாவனையில் உள்ளவை. உங்கள் மகளின் வயதுக்கு இரண்டும் 50ஐத்தான் சொல்கின்றன, ஆக கடிதத்திலும் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

காய்ச்சல் நாளில் ஊசி வரை போகாமல் தடுப்பது குளிசைதான். 15 கிலோப் பிள்ளை ஒன்றின் உடல் மேற்பரப்பு ஏறக்குறைய 0.65 சதுர மீற்றர். வழக்கமாக நாளுக்கு 7.5 மில்லிகிராம் அளவில் எடுப்பவளுக்கு, 38ஐத் தாண்டிய காய்ச்சலில் இப்போது பல இடங்களில் சொல்வது ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 30 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 20. அதை 5 மில்லிகிராமாக ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொடுப்பது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டிய அளவை விட அந்த நாலாவது வேளை. இரவு 12 மணிக்கு அலாரம் வைத்து எழுப்பிக் கொடுக்கும் குளிசைதான் விடியப்புறத்தைக் காக்கிறது. பலர் மூன்று வேளையையும் இரட்டிப்பாக்கிவிட்டு இரவை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள், அந்த மகனின் வீட்டிலும் அதுதான் நடந்தது. எழுப்பும்போது கொஞ்சம் கஞ்சியோ பிஸ்கட்டோ கொடுத்து, சீனியையும் பாருங்கள். குளிசை கொடுத்து அரை மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் மறுபடி ஒரு தரம் கொடுக்கலாம். மூன்றாம் தரம் என்று ஒன்று கிடையாது.

ஊசி போட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரண்டு மணித்தியாலத்தில் தெளிந்துவிடுவார்கள், அதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடக் கூடாது. மருந்து ஆறு மணித்தியாலத்தில் தீரும், உப்பும் தண்ணீரும் குறைந்திருந்தால் சேலைன்தான் வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி வரை விடியப்புறம் கால் மணித்தியாலத்தில் வந்துவிடலாம், காலை ஏழரைக்குக் காலி வீதியில் அந்தக் கணக்கு எடுபடாது. ஊசி வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்கு அது ஒன்றே காரணமாகப் போதும். வந்ததும் "காய்ச்சல், சத்தி" என்று தொடங்காதீர்கள். அப்படிச் சொல்லும் பிள்ளைகள் வரிசையில் முப்பது பேர் இருப்பார்கள். "அட்ரினல் வேலை செய்யாத பிள்ளை, சீனி 41 ஆக இருந்தது, ஹைட்ரோகோர்டிசோன் 50 மில்லிகிராம் இத்தனை மணிக்குப் போட்டோம்" என்று சொல்லி, கடிதத்தை நீட்டுங்கள். கடிதம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், போனிலும் படமாக வைத்திருங்கள். வெறும் போத்தலையும் மீட்டரையும் கொண்டுவாருங்கள்.

அந்த மகன் வந்து சேர்ந்தபோது சீனி 39. நரம்பில் 10 சதவீத குளுக்கோஸ், கிலோவுக்கு 2 மில்லிலீற்றர் கணக்கில் 34 மில்லிலீற்றர், பிறகு ஹைட்ரோகோர்டிசோன், சேலைன். ஒன்பதரை மணிக்குக் கண்ணைத் திறந்து சீனிப் பணிஸ் கேட்டான். அதிர்ஷ்டம் அவன் பக்கம். நீண்ட நேரம் சீனி இறங்கிக் கிடந்து, பிறகு பேச்சும் நடையும் பிந்திய பிள்ளைகளையும் இதே வாட்டில் பார்த்திருக்கிறேன்.

ஒரு தரம் காட்டினார்கள், மறந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குற்றம் இல்லை, காட்டிய முறையின் குற்றம். நாங்கள் செய்து காட்ட நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பழகுவது ஆகாது. அடுத்த கிளினிக்குக்குப் பெட்டியோடு வந்து, "நான் செய்கிறேன், நீங்கள் பாருங்கள்" என்று கேளுங்கள். கணவரையும் கூட்டி வாருங்கள், பகலில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா என்றால் அவரையும். என்னிடம் வரும் தாய்மார் முதல் தரம் பெட்டியைத் திறந்து தோடம்பழத்தில் குத்தி முடிக்க ஏழெட்டு நிமிடம் எடுப்பார்கள், மூன்றாம் தரம் இரண்டு நிமிடம். திகதி முடிந்த மருந்தை எறியாதீர்கள், அதைத்தான் வீட்டில் பழகுவதற்கு எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம், மேசையில் ஒரு தோடம்பழத்தை வைத்து, தொடக்கத்தில் இருந்து முடிவு வரை. பழகியதைப் பெட்டிக்குள் திரும்ப வைக்காமல் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டுக் கிளினிக்கில் கொடுங்கள்.

கரைத்த மருந்தை வைத்திருக்க முடியாது, உடனே பாவித்து மிச்சத்தை எறிய வேண்டும். கரைக்காத தூளுக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, வெயில் படாத அலுமாரி போதும். காரின் டாஷ்போர்டிலும் சமையலறை அடுப்புக்கு மேல் தட்டிலும் மட்டும் வைக்காதீர்கள், கொழும்பு வெக்கையில் இரண்டும் சூளை. இரண்டாவது செட் பிள்ளை போகும் இடமெல்லாம் போகட்டும். முன்பள்ளி ஆசிரியையையும் வான்காரரையும் ஊசி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. பெட்டி பையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, யாருக்கு போன் எடுப்பது, 1990க்கு என்ன சொல்வது என்ற மூன்றையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். இன்று பெட்டியைத் திறந்து தண்ணீர் அம்பியூல் உள்ளே இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். நான் பார்த்த பெட்டிகளில் அடிக்கடி காணாமல் போயிருப்பது அதுதான்.